நட்டத்தில் ஓடும் நூற்பாலையை இன்றே மூடுவதா, இன்னும் ஓட்டுவதா: நிகழ்கால மதிப்பைக் கொண்டு ஒப்பிடும் முறை

நட்டத்தில் இருக்கும் ஆலைகளின் கணக்கைப் பார்க்க உட்காரும்போது இரண்டு வாதங்கள் தவறாமல் வரும். "வருடா வருடம் ஒரு கோடிக்கு மேல் நட்டம், மூடிவிடலாம்" என்பது ஒன்று. "தேய்மானத்தையும் வட்டியையும் எடுத்துவிட்டால் கையில் நாற்பது லட்சம் நிற்கிறது, எதற்கு மூட வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் வாதம் கணக்கேட்டு நட்டத்தை ரொக்க நட்டமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, ஆலையை இன்று மூடினால் கைக்கு வரக்கூடிய பணத்தை மறந்துவிடுகிறது. புதிதாக இந்தக் கணக்கைச் செய்பவர்கள் பெரும்பாலும் முதல் தவற்றைத் திருத்திக்கொண்டு இரண்டாவதில் போய் விழுகிறார்கள்.

இந்த வழிகாட்டி 12,000 கதிர்கள் கொண்ட ஒரு பருத்தி நூற்பாலையை எடுத்துக்கொண்டு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறது. நிகழ்கால மதிப்பு என்பது பிற்காலத்தில் வரும் தொகை இன்று எவ்வளவு பணத்துக்குச் சமம் என்பது. ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. ஆலையில் 110 நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், ஆண்டுக்கு 6.8 லட்சம் கிலோ நாற்பதாம் நம்பர் நூல் உற்பத்தியாகிறது. கணக்கேட்டின்படி ஆண்டு நட்டம் ரூ. 130 லட்சம். பழைய நட்டங்கள் குவிந்திருப்பதால் அடுத்த சில ஆண்டுகளுக்கு வருமான வரி வராது என்று வைத்துக்கொள்கிறேன். வரி கட்டும் நிறுவனத்தின் ஓர் ஆலை என்றால் கீழே வரும் ஒவ்வொரு தொகையையும் வரிக்குப் பிந்தைய தொகையாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

1. கேள்வியைத் தேதியோடு எழுதுங்கள்

"மூடுவதா, ஓட்டுவதா" என்று கேட்டால் கணக்குப் போட முடியாது. எவ்வளவு காலம் ஓட்டுவது என்று சொல்லாதவரை "ஓட்டுவது" என்பது ஒரு மாற்று வழியே அல்ல. எந்த ஆலையும் ஒரு நாள் மூடப்படும் என்பதால் உண்மையில் கேட்க வேண்டியது எப்போது மூடுவது என்பதுதான். எனவே, இன்று மூடுவது, ஓர் ஆண்டு முடிவில் மூடுவது, இரண்டு ஆண்டு முடிவில், மூன்று ஆண்டு முடிவில் என நான்கு வழிகளை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிப் பிரிக்காதவர்கள் மூடும் வழிக்கு மட்டும் இழப்பீட்டைச் சேர்த்து, ஓட்டும் வழிக்கு அதைச் சேர்க்காமல் விடுகிறார்கள். ஓட்டினால் இழப்பீடு கொடுக்கவே வேண்டாம் என்பதுபோல் கணக்கு முடிகிறது. நடப்பில் அது தள்ளிப்போகிறதே தவிர மறைவதில்லை. தள்ளிப்போகும்போது வளரவும் செய்கிறது என்பதை ஐந்தாம் படியில் பார்க்கலாம்.

2. கணக்கைத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 24 மாதங்களின் மாதவாரி நூல் விலை, பஞ்சு விலை, உற்பத்தி, மின் கட்டணப் பட்டியல் ஆகியவை முதலில் வேண்டும். ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. நூற்பாலையின் பிழைப்பு பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் இடையிலான இடைவெளியில் இருக்கிறது, அந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

இரண்டாவதாக, ஒவ்வொரு தொழிலாளியின் சேர்ந்த தேதியும் தற்போதைய ஊதியமும் கொண்ட பட்டியல் வேண்டும். சராசரி சேவைக் காலத்தை மனக்கணக்காகச் சொல்லும் மேலாளரை நம்பிக் கணக்கிட்டுப் பிறகு பட்டியலைப் பார்த்தபோது தொகை கணிசமாக மாறியதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, இயந்திரங்களுக்கு எழுத்து வடிவில் குறைந்தது இரண்டு வியாபாரிகளின் விலை. ஓடிக்கொண்டிருக்கும் ரிங் ஃபிரேமை ஓட்டிக் காட்டி விற்றால் கதிருக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்து எலி கடித்த ஒயரோடு இருந்தால் அதே இயந்திரத்துக்கு இரும்பு எடைக் கணக்கில்தான் விலை கிடைக்கும். எனவே விலை கேட்கும்போது "இன்றைய நிலையில்" என்றும் "ஓர் ஆண்டு கழித்து" என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவதற்கு வியாபாரி உத்தரவாதம் தரமாட்டார் என்றாலும், அவர் சொல்லும் எண் உங்கள் ஊகத்தைவிடச் சரியாக இருக்கும்.

3. கணக்கேட்டு நட்டத்தைத் தவிர்க்கக்கூடிய ரொக்கமாக மாற்றுங்கள்

ஒவ்வொரு செலவு இனத்தையும் எடுத்து, "ஆலை நின்றால் இந்தப் பணம் வெளியே போவது நிற்குமா" என்று மட்டும் கேளுங்கள். நிற்கும் என்றால் அது கணக்கில் வரும். நிற்காது என்றால் இரண்டு வழிக்கும் பொது என்பதால் வராது.

நம் ஆலையில் ஒரு கிலோ நூல் ரூ. 275-க்கு விற்கிறது. கழிவுப் பஞ்சு விற்ற பணத்தைக் கழித்த பிறகு ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு ரூ. 190, மின்சாரம் ரூ. 34, உதிரிப் பொருளும் சிப்பமிடலும் ரூ. 9. மிச்சம் கிலோவுக்கு ரூ. 42. இனி இடைவெளி என்று சொல்வது இந்த மிச்சத்தைத்தான். இதை 6.8 லட்சம் கிலோவால் பெருக்கினால் ஏறத்தாழ ரூ. 286 லட்சம். வருங்கால வைப்பு நிதி, ஈஎஸ்ஐ, போனஸ் எல்லாம் சேர்த்து ஊதியச் செலவு ரூ. 214 லட்சம். காப்பீடு, மின் டிமாண்ட் கட்டணம், பராமரிப்பு போன்ற ஆலையோடு நிற்கும் செலவுகள் ரூ. 32 லட்சம். ஆண்டு ரொக்க உபரி ரூ. 40 லட்சம்.

இந்த 40 லட்சம் உபரி, ரூ. 130 லட்சம் நட்டமாக மாறியது மூன்று இனங்களால்: தேய்மானம் 70, வட்டி 55, தலைமை அலுவலகச் செலவில் இந்த ஆலையின் பங்கு 45.

தேய்மானம் என்றோ கொடுத்துமுடித்த பணத்தின் பங்கீடு. இன்று மூடினாலும் அது திரும்பாது. வட்டியை நீக்குவதற்குக் காரணம் வேறு: பணத்தின் காலச் செலவை, பிற்காலத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதம் ஏற்கெனவே பிடித்துக்கொள்கிறது, இரண்டையும் போட்டால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகும். தலைமை அலுவலகப் பங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது. இந்த ஆலைக்காகவே வைத்திருக்கும் கணக்கர், வாகனம், தணிக்கைக் கட்டணம் ஏதாவது அதற்குள் ஒளிந்திருந்தால் அந்தப் பகுதி தவிர்க்கக்கூடிய செலவாகும். நம் எடுத்துக்காட்டில் அப்படி எதுவும் இல்லை.

சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஆலைகளில் இங்கே ஒரு தனிக் கவனம் வேண்டும். காற்றாலை மின்சாரத்தை "நம்முடையதுதானே" என்று பூஜ்யத்தில் போட்டால் ஆலை பொய்யாக நன்றாகத் தெரியும். ஆலை நின்றால் அந்த யூனிட்டுகள் வெளியே என்ன விலைக்குப் போகுமோ அந்த விலையில் அவற்றை ஆலைக்குச் செலவாகப் போடுங்கள்.

4. இன்று மூடினால் கையில் நிற்கும் தொகை

பலர் கடைசியில் அவசரமாகச் செய்யும் இந்தப் படியை நான் முன்னால் வைக்கிறேன். மற்ற எல்லா வழிகளும் ஒப்பிடப்படுவது இந்த எண்ணோடுதான்.

இயந்திரங்களுக்கு வியாபாரி கொடுக்கும் விலை ரூ. 230 லட்சம். ஏட்டு மதிப்பு இதைவிட அதிகமா குறைவா என்பது வரிக்கு மட்டும் பொருந்தும். இங்கே எழுத வேண்டியது விற்பனை விலையை மட்டும்.

சரக்கும் வர வேண்டிய பாக்கியும் சேர்ந்து, கொடுக்க வேண்டியதைக் கழித்தால் நடைமுறை மூலதனம் ஏட்டில் ரூ. 260 லட்சம். ஆனால் மூடப்போகும் ஆலைக்குப் பாக்கி வைத்திருக்கும் வியாபாரி வேகமாகக் கட்டமாட்டார். "தரம் சரியில்லை, கழிவு கொடுங்கள்" என்பார். கிடங்கின் மூலையில் நிற்கும் பழைய நம்பர் நூலும் ஏட்டு விலைக்குப் போகாது. எனவே ரூ. 235 லட்சம்தான் எழுதுகிறேன்.

அடுத்து தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியது. மூடலுக்கான இழப்பீடு, தொடர்ச்சியாகப் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம். பணிக்கொடையும் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம்தான், ஆனால் மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட வேண்டும். மாத ஊதியம் ரூ. 13,000 என்றால் இழப்பீடு ரூ. 6,500, பணிக்கொடை ரூ. 7,500; சேர்ந்து ஒரு சேவை ஆண்டுக்கு ரூ. 14,000. சராசரி 12 ஆண்டு சேவைக்கு ஒருவருக்கு ரூ. 1.68 லட்சம், 110 பேருக்கு ஏறத்தாழ ரூ. 185 லட்சம். பணிக்கொடைக்காகக் காப்பீட்டு நிறுவனத்தில் நிதி கட்டி வைத்திருந்தால் அந்த அளவு குறையும். இந்த ஆலையில் கட்டவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடினால் இழப்பீடு மூன்று மாத ஊதியத்தைத் தாண்டாது என்ற விதியைப் படித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வது ஒன்று. பணமுடை, நட்டம், விற்காத சரக்குத் தேக்கம் ஆகியவை மட்டுமே காரணமாக இருந்தால் அது தவிர்க்க முடியாத சூழ்நிலை ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அடிப்படை ஊதியத்தைக் குறைவாகவும் படிகளை அதிகமாகவும் வைத்திருக்கும் ஆலைகள் அடிப்படையின் மேல் மட்டும் பணிக்கொடை கணக்கிடுவது இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும்.

மூடும் நாள்வரை ஆகும் செலவும் உண்டு. 50 தொழிலாளர்களும் அதற்கு மேலும் இருந்தால் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 300 பேரும் அதற்கு மேலும் இருந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும், அதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முன்னறிவிப்பு ஒட்டிய மறுநாளிலிருந்து உற்பத்தி சரியத் தொடங்கும், ஆனால் ஊதியம் முழுதாகப் போகும். உயர் அழுத்த மின் இணைப்பை ஒப்படைக்கும்வரை டிமாண்ட் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். காவலாளிச் செலவும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ரூ. 25 லட்சம்.

ஆக, 230 + 235 − 185 − 25 = ரூ. 255 லட்சம். வங்கிக் கடன் இதிலிருந்து அடைக்கப்படும், ஆனால் எந்த வழியிலும் அடைத்தே ஆக வேண்டும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் இருந்தால் அதை மட்டும் மூடும் செலவில் சேருங்கள்.

5. விலகும் செலவு எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று பாருங்கள்

ஓராண்டு தள்ளிப்போட்டால் தொழிலாளர் தொகை இரண்டு வகையில் வளர்கிறது. சேவை ஆண்டு 12-லிருந்து 13 ஆகிறது, ஊதியமும் உயர்கிறது. ஊதிய உயர்வு 6 விழுக்காடு என்றால் 185 லட்சம் ஓர் ஆண்டில் 212, இரண்டு ஆண்டில் 242, மூன்று ஆண்டில் 275 லட்சம் ஆகும்.

இந்த வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 14 விழுக்காடு. நாம் எடுக்கப்போகும் தள்ளுபடி வீதம் 12 விழுக்காடு. அதாவது இந்தக் கடனைத் தள்ளிப்போடுவதால் நிகழ்கால மதிப்பில் மிச்சம் எதுவும் இல்லை. சிறிது கூடுதலாகவே கொடுக்கிறோம். "இப்போது இழப்பீடு கொடுக்கப் பணம் இல்லை, பிறகு பார்க்கலாம்" என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது வழக்கம். சேவைக் காலம் ஏற்கெனவே 25 ஆண்டு என்றால் ஓர் ஆண்டு கூடுவதன் தாக்கம் குறைவு. தொழிலாளர் படை இளமையாக இருந்தால் இன்னும் அதிகம்.

இடையில் தாமாக விலகுபவர்களுக்கு மூடல் இழப்பீடு கிடையாது என்பதால் தொகை சற்றுக் குறையலாம். ஆனால் விலகுபவரின் இடத்தில் புதியவர் வந்தே ஆக வேண்டும் என்றால், அல்லது ஆள் குறைவால் கதிர்கள் நின்றால், அந்த மிச்சத்தைக் கணக்கில் காட்டாதீர்கள்.

6. ஓட்டினால் இடையில் தேவைப்படும் பெரிய செலவைத் தேதியிடுங்கள்

நட்டத்தில் இருக்கும் ஆலை பராமரிப்பைத் தள்ளிப்போட்டே ரொக்க உபரியைக் காட்டிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன 40 லட்சத்திலும் இது கலந்திருக்கிறது. ஃபிட்டரோடு ஒரு ஷிப்டு முழுக்க நடந்து பாருங்கள். நம் ஆலையில் ரிங்குகள் தேய்ந்து, ஒரு ஃபிரேமில் நூல் அறுபடுவது வழக்கத்தைவிட அதிகமாகி, இழைசேர்க்கும் பெண்கள் ஓரிடத்தில் நிற்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்றால், இரண்டாம் ஆண்டுக்குள் செல்ல வேண்டுமானால் ரிங், கதிர், ஏப்ரன் மாற்றம் தவிர்க்க முடியாதது. அதற்கு முதலாண்டு முடிவில் ரூ. 60 லட்சம்.

முதலாண்டை இதைச் செய்யாமல் ஓட்டிவிட முடியும் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் "ஓர் ஆண்டு முடிவில் மூடுவது" ஒரு தனி வழியாகக் கணக்கில் இருக்க வேண்டும். மூன்றாண்டை மட்டும் ஒப்பிட்டால் இந்த வழி கண்ணில் படாது.

இயந்திரத்தின் விற்பனை விலையும் குறைந்துகொண்டே போகும்: ஓர் ஆண்டு முடிவில் 200 லட்சம், மராமத்து செய்ததால் இரண்டாம் ஆண்டு முடிவில் 185, மூன்றாம் ஆண்டு முடிவில் 150. மராமத்துக்குப் போட்ட 60 லட்சமும் விற்பனை விலையில் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய இயந்திரம் வாங்குபவர் முதலில் பார்ப்பது அது எந்த ஆண்டில் செய்தது என்பதைத்தான்.

7. தள்ளுபடி வீதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூடினால் கிடைக்கும் பணத்தை முதலாளி இதே அளவு ஆபத்துள்ள வேறு எதில் போடுவாரோ, அதில் எதிர்பார்க்கும் வரவே இங்கு வீதம். கடன் அடைக்கப் போகிறது என்றால் வங்கியின் வட்டி விகிதம் அதன் கீழ் எல்லை. இந்தக் கணக்கில் 12 விழுக்காடு. நம்முடைய தொகைகளில் ஊதிய உயர்வைச் சேர்த்திருப்பதால் வீதமும் பணவீக்கம் உள்ளடங்கியதாக இருக்க வேண்டும். எல்லாத் தொகைகளையும் இன்றைய விலையில் போட்டவர்கள் அதற்கேற்பக் குறைந்த வீதத்தை எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் விடை எந்தப் பக்கமும் சாயலாம்.

"ஆபத்து அதிகம், 20 விழுக்காடு போடுவோம்" என்று சிலர் எச்சரிக்கையாக இருப்பதாக நினைக்கிறார்கள். வீதத்தை ஏற்றினால் மூன்றாண்டு கழித்துக் கொடுக்க வேண்டிய இழப்பீடும் சிறிதாகத் தெரியும், அதைத் தள்ளிப்போடுவது லாபம்போல் தோன்றும். தொழிலாளருக்குச் சேர வேண்டியது நிச்சயமான கடன். விற்பனை ஆபத்துக்காக ஏற்றிய வீதத்தால் அதைக் கழிக்கக் கூடாது. ஆபத்தைக் காட்ட வேண்டுமானால் உபரித் தொகையைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

8. நான்கு வழிகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள்

உபரி ஆண்டுக்கு 40 லட்சமாகவே நிற்கும் என்ற நிர்வாகத்தின் நம்பிக்கையை ஏற்றுக்கொண்டே போடுகிறேன். ஊதியம் ஆண்டுக்கு 13 லட்சம் உயரும் என்பதால், கிலோவுக்கு ரூ. 2 வீதம் இடைவெளி கூடினால்தான் இது நடக்கும். இது ஆலைக்குச் சாதகமான ஊகம் என்பதைக் குறித்துவையுங்கள். தொகைகள் ரூ. லட்சத்தில்:

| | இன்று | 1 ஆண்டு முடிவில் | 2 ஆண்டு முடிவில் | 3 ஆண்டு முடிவில் |
|---|---|---|---|---|
| இயந்திர விற்பனை | 230 | 200 | 185 | 150 |
| நடைமுறை மூலதனம் | 235 | 235 | 235 | 235 |
| இழப்பீடு, பணிக்கொடை | −185 | −212 | −242 | −275 |
| மூடும் செலவு | −25 | −25 | −25 | −25 |
| மூடும் நாளில் மிச்சம் | 255 | 198 | 153 | 85 |
| அதுவரை ஆண்டு உபரி | – | 40 | 40 | 40 |
| முதலாண்டு முடிவில் மராமத்து | – | – | −60 | −60 |
| நிகழ்கால மதிப்பு | 255 | 212.5 | 136 | 103 |

ஓர் ஆண்டு வழிக்கு (40 + 198) ÷ 1.12 = 212.5. மற்றவையும் இதே முறை.

விரிதாளில் போடும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. NPV செயல்பாடு தன்னிடம் கொடுக்கும் முதல் தொகையையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைய தொகையையும் உள்ளே வைத்தால் அதுவும் 12 விழுக்காட்டால் குறைந்து, இன்று மூடும் வழி 255-க்குப் பதில் 228 என்று காட்டும். ஒரு வழியின் ஆண்டுவாரி நிகரத் தொகைகளை ஒரே வரிசையில் போட்டு, இன்றைய தொகை B9-லும் அடுத்த மூன்று ஆண்டுகள் C9 முதல் E9 வரையும் இருந்தால் இப்படி எழுதுங்கள்:

```
=B9+NPV(12%,C9:E9)
```

9. விடையை வாடகைக் கணக்காக மாற்றிச் சரிபாருங்கள்

நிகழ்கால மதிப்பை நம்பாத பங்குதாரர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இதே கணக்கை வேறு வகையில் சொல்லலாம். இன்று கையில் நிற்கக்கூடிய 255 லட்சத்தை ஆலைக்குள் ஓர் ஆண்டு விட்டுவைக்கிறோம். அதற்கு 12 விழுக்காடு, அதாவது ரூ. 30.6 லட்சம் வர வேண்டும். அந்த ஆண்டில் அந்தத் தொகையே 255-லிருந்து 198-ஆகக் கரைகிறது. இயந்திர விலையில் 30, தொழிலாளர் தொகையில் 27, ஆக 57 லட்சம். இரண்டும் சேர்ந்து ரூ. 87.6 லட்சம். ஆலையை ஓராண்டு ஓட்டுவதற்கு நாம் நமக்கே கொடுக்கும் வாடகை இது. ஆலை ஈட்டுவதோ 40 லட்சம்.

குறையும் 47.6 லட்சத்தை 6.8 லட்சம் கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ரூ. 7. அதாவது இடைவெளி ரூ. 42-லிருந்து ரூ. 49 ஆகி, அந்த ஆண்டு முழுக்க அங்கேயே நின்றால்தான் ஓட்டுவதும் மூடுவதும் சமம். மூன்றாண்டு வழிக்கு இதே கணக்கைப் போட்டால், மராமத்துச் செலவும் சேர்வதால், மூன்று ஆண்டும் கிலோவுக்கு ரூ. 9-க்கு மேல் கூட வேண்டும்.

முடிவெடுப்பவர்கள் முன் நான் வைப்பது இந்த ரூ. 7-ஐத்தான். 255-க்கும் 212-க்கும் இடையிலான வேறுபாட்டை நூல் வியாபாரம் தெரிந்தவரால் மதிப்பிட முடியாது. இடைவெளி ஏழு ரூபாய் கூடுமா என்று கேட்டால் உடனே பதில் வரும். கடந்த 24 மாத இடைவெளியை வரைந்து, ரூ. 49-க்கு மேல் எத்தனை மாதம் இருந்தது, தொடர்ச்சியாக எத்தனை மாதம் நின்றது என்று எண்ணுங்கள். இரண்டாவது எண்ணே முக்கியம். இரண்டு மாதம் ஏறி இறங்கிய விலை ஓராண்டு வாடகையைக் கட்டாது.

10. தற்காலிக நிறுத்தத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்

இடைவெளி மோசமான மாதங்களில் கதிர்களை நிறுத்தி வைக்கலாமே என்ற யோசனை வரும். வேலையில்லாமல் நிறுத்திவைக்கப்படும் தொழிலாளருக்கு ஊதியத்தில் பாதி கொடுக்க வேண்டும். இந்த ஆலைக்கு மாதம் ரூ. 7.15 லட்சம். நிலையான செலவுகள் மாதம் 2.7 லட்சம். சரக்கும் பாக்கியும் விடுபடுவதால் மாதம் ஒரு விழுக்காடு, ரூ. 2.35 லட்சம் மிச்சமாகும். நிகரச் செலவு மாதம் ரூ. 7.5 லட்சம்.

ஓட்டினால் ஊதியமும் நிலையான செலவும் மாதம் ரூ. 20.5 லட்சம். எனவே உற்பத்தியிலிருந்து கிடைப்பது மாதம் ரூ. 13 லட்சத்துக்குக் கீழே, அதாவது கிலோவுக்கு ரூ. 23-க்குக் கீழே போனால்தான் நிறுத்தி வைப்பது ஓட்டுவதைவிட மேல். 23-க்கும் 49-க்கும் இடையே இருக்கும் நீண்ட பரப்பில், ஓட்டுவது தற்காலிக நிறுத்தத்தைவிட மேல், ஆனால் நிரந்தர மூடலைவிடத் தாழ்வு. நம் ஆலையின் ரூ. 42 இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. மாதாமாதம் "ஓட்டுவதே மேல்" என்ற சரியான விடையை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தவறான இடத்தில் நிற்கும் ஆலைகள் இப்படித்தான் உருவாகின்றன.

11. நிலத்தின் விலை ஏற்றத்தை ஓட்டும் வழிக்கு வரவு வைக்காதீர்கள்

மேலே உள்ள பட்டியலில் நிலத்தைச் சேர்க்கவே இல்லை; கூட்டத்தில் யாராவது இதை நிச்சயம் கேட்பார்கள். "நிலம் ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காடு ஏறுகிறது, மூன்றாண்டு ஓட்டிவிட்டு விற்றால் அதிலேயே எல்லா நட்டமும் போய்விடும்" என்பது வாதம்.

நிலத்தின் விலை ஏறுவதற்கு அதன் மேல் கதிர்கள் சுற்ற வேண்டியதில்லை. இயந்திரங்களை இன்று விற்று, கதவைப் பூட்டி, நிலத்தை மூன்றாண்டு வைத்திருந்தாலும் அதே விலைதான் கிடைக்கும். ஏற்றம் இரண்டு வழிக்கும் பொது என்பதால் அது கழிந்துவிடுகிறது. ஆலை ஓடுவதால் இழப்பது கட்டடத்தைக் கிடங்காக வாடகைக்கு விட்டால் கிடைக்கக்கூடிய தொகையை மட்டுமே. அதை ஓட்டும் வழியின் செலவாக எழுத வேண்டும். நம் ஆலை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் உடனே வாடகைக்கு ஆள் வராது என்று விட்டிருக்கிறேன். ஆள் வரும் இடத்தில் இருந்தால் அந்த ரூ. 7 இன்னும் மேலே போகும்.

பூட்டிய இடத்துக்குக் காவல் செலவு உண்டு. அதை மூடும் வழிக்குச் செலவாகப் போடுவது நியாயம்.

12. முடிவுக் குறிப்பில் எழுத வேண்டியவை

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான்கு நிகழ்கால மதிப்புகள், சமநிலை இடைவெளியான ரூ. 49, அதை நோக்கி இன்றைய இடைவெளி எங்கே இருக்கிறது, ஒவ்வொரு பெரிய எண்ணுக்கும் ஆதாரம் யார் கொடுத்தது, எந்தத் தேதியில் என்பவை இருந்தால் போதும்.

மூடுவதில்லை என்று முடிவானாலும் இரண்டு தேதிகளைக் குறிப்பில் எழுதிவையுங்கள். ஒன்று, இயந்திர வியாபாரியின் விலை செல்லுபடியாகும் கடைசி நாள். அது கடந்துவிட்டால் 230 என்ற எண்ணும் அதிலிருந்து வந்த எல்லாமும் பழையவை. இரண்டு, மராமத்துக்கான 60 லட்சத்துக்குக் கொள்முதல் ஆணை கொடுக்க வேண்டிய நாள். அந்த ஆணையில் கையெழுத்திடும் முன் இடைவெளியை மீண்டும் பார்த்துப் பட்டியலை மறுபடி போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு அந்த 60 லட்சம் தேய்மானத்தைப்போல் திரும்பாத பணமாகிவிடும், அடுத்த ஆண்டுக் கணக்கில் ஆலை அந்த அளவுக்கு மேலானதாகத் தெரியும்.